ஆறுதலாக இருந்து கதைக்க வேண்டிய விஷயம்

விமலேஸ்வரி அக்காவுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. வீட்டுப்படம் கீறித் தரச்சொல்லி வருகிறவர்களிடம் கேள்வி கேட்பார். ஒன்றிரண்டு அல்ல. வந்த மனிதர் கதிரையில் சரியாக இருப்பதற்குள், வீட்டில் யார் முதலில் எழும்புவது, மழைக்கு எந்தப் பக்கத்தால் தண்ணீர் ஓடும், சமைக்கிறவர் எந்தக் கையால் சமைப்பவர் என்று தொடங்கிவிடுவார். நாலு அறையும் ஒரு போட்டிக்கோவும் கேட்டு வந்தவருக்குத் தலை சுற்றும். அரைவாசிப்பேர் திரும்பி வரமாட்டார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவருடைய கந்தோர், ஆட்கள் வந்து அவரைக் காண்கிற இடம், என்னுடைய கடைதான். வவுனியா ஸ்ரேசன் றோட்டில் நான் ஒரு கொமினிகேசன் வைத்திருந்தேன். இரண்டு தொலைபேசி, கடிதம் அனுப்புகிற ஒரு பக்ஸ் மெசின், மூன்று கதிரை, ஒரு காற்றாடி. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் எடுக்கிற நேரத்துக்குத் தாய் தகப்பன் வந்து காத்திருப்பார்கள். மூலையில் இருந்த மூன்றாவது கதிரை அக்காவுடையது. வேறு யாரும் இருந்தால் எனக்குக் கோபம் வரும். எனக்குக் கோபம் வருவது பெரிய விஷயமில்லை, காற்றாடி நின்றாலும் வரும்.

அக்கா கிளிநொச்சியில் நீர்ப்பாசனப் பகுதியில் படம் கீறுகிற வேலை பார்த்தவர். நிரந்தர வேலை அல்ல, அமைய வேலை. வாய்க்கால், மதகு, குளக்கட்டு எல்லாம் அவருடைய கையால் தாளில் இறங்கியவை. தொண்ணூற்றாறில் சண்டைக்குப் பயந்து கிளிநொச்சி முழுக்க வெளிக்கிட்டபோது மற்றவர்கள் பாய், சட்டி, பெட்டி என்று தூக்க, அக்கா வரைபலகையையும் ரீ ஸ்குயரையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். அக்கராயன், மல்லாவி என்று அலைந்து, வவுனியா முகாமொன்றில் இருந்து, வெளியே தங்கப் பாஸ் கிடைத்த பிறகு ஒரு வீட்டின் பக்க அறையை வாடகைக்கு எடுத்தார். கட்டிலில் பலகையை வைத்துக் கீறுவார். படுக்கும்போது பலகையைச் சுவரில் சாத்துவார். கலியாணம் செய்யவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் அவரும் என்னிடம் பதிலுக்குப் பத்துக் கேள்வி கேட்பார் என்ற பயம்தான்.

கேள்வி கேட்கிற வருத்தம் அவருக்கு முதலில் இருக்கவில்லை. வவுனியாவுக்கு வந்த புதிதில் சுவிசில் இருந்த ஒருவர் அளவுகளை எழுதி அனுப்பி, அப்படியே கீறச்சொன்னார். அக்காவும் அப்படியே கீறினார். வீடு எழும்பியது. மனுசி பிள்ளைகளோடு வந்து பார்த்தவர், குசினிக்குள் போய் நின்று அழுதாராம். மேற்கு வெயில் நேரே அடுப்படிக்கு விழுந்தது. புருசன் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அவர் அழ, படம் கீறினவள் சரியில்லை என்று ஊர் முடிவுகட்டியது. அதற்குப் பிறகுதான் அக்கா, பென்சிலைத் தொடுமுன் ஆட்களோடு கதைக்காமல் விடுவதில்லை என்று நின்றுகொண்டார்.

இரண்டாயிரத்து ஓராம் ஆண்டு நடுப்பகுதியில் அக்காவுக்கு வேலை நன்றாக வறண்டுபோயிருந்தது. ராஜரத்தினம் என்றொரு கொந்திராத்துக்காரர் அவரைத் தன்னிடம் மாதச் சம்பளத்துக்குக் கூப்பிட்டார். ராஜரத்தினத்திடம் இருந்தது ஒரே ஒரு வீட்டுப்படம். அதையே இடம் வலம் மாற்றி, பெயரை மாற்றி, நகரசபைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அக்கா செய்யவேண்டியது பெயரை அழகாக எழுதுவது மட்டும்தான். திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்லச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்.

அந்த வாரம்தான் இலண்டனிலிருந்து பக்ஸ் வந்தது. அனுப்பியவர் பிரதாபன். பெற்றோல் ஷெட்டில் வேலை. சொந்த இடம் பூவரசங்குளம். தாய் சுப்பம்மா அங்கேதான் தனியாக இருக்கிறார். வவுனியாவில் இருக்கும் தாய்மாமன் சின்னராசா அக்காவின் பெயரைச் சொல்லியிருக்கிறார். வவுனியாவிலேயே குருமன்காட்டில் வாங்கிய காணியில் மேல்வீட்டோடு ஒரு வீடு, அம்மா இருக்க, நாங்களும் லீவுக்கு வந்தால் நிற்க. கீழே மூன்று அறை, மேலே இரண்டு, முன்னுக்குப் பல்கனி. படம் எப்போது கிடைக்கும்? அவ்வளவுதான்.

நான் சந்தோசத்தில் அக்காவுக்குப் பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தேன். இந்த வேலை கிடைத்தால் ராஜரத்தினத்திடம் அவர் போகத்தேவையில்லை. ஒரு வருசமாவது தன்பாட்டில் இருக்கலாம். அக்காவோ பக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பேனையை எடுத்தார்.

"அக்கா, கேட்டதைக் கீறிக் குடுங்கோவன். பிறகு கேள்வியளைக் கேளுங்கோ," என்றேன்.

"கீறினாப் பிறகு கேட்டு என்ன செய்யிறது ராசு? அழிறப்பரால அழிக்கவோ?"

அவர் எழுதிய பதிலை நானேதான் மெசினுக்குள் விட்டேன். மூலப்பிரதி நெடுநாள் என் மேசையில் கிடந்தது. இப்படித்தான் இருந்தது:

"அன்புள்ள திரு. பிரதாபன் அவர்களுக்கு, உங்கள் பக்ஸ் கிடைத்தது. என்னை நம்பி எழுதியதற்கு நன்றி. வீட்டுப்படம் கீறத் தொடங்குமுன் உங்களோடு ஒருமுறை தொலைபேசியில் கதைக்க விரும்புகிறேன். அரை மணித்தியாலம் வேண்டும். இது அவசரத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் அல்ல. ஆகவே வேலைக்குப் போகிற நேரத்தில் எடுக்காமல், வீட்டில் ஆறுதலாக இருந்து எடுங்கள். உங்கள் மனைவியும் பக்கத்தில் இருப்பது நல்லது.

கதைக்கவேண்டியவை: முதலில் அம்மாவைப் பற்றி, அவருடைய உடல்நிலை, இனி அவரோடு யார் இருப்பது என்பவை. அடுத்தது காணி, கிணறு, தண்ணீர் ஓடும் பக்கம். பிறகு, வீட்டை ஒரேயடியாகக் கட்டுவதா, பகுதி பகுதியாகவா, இங்கே யார் நின்று பார்ப்பது. கடைசியாக, நான் என்னென்ன படங்கள் தருவேன், எவ்வளவு காலம் எடுக்கும், என் கூலி என்ன என்பவை. இந்தக் கதைக்கு நான் காசு எடுப்பதில்லை. கதைத்த பிறகு என் வேலை வேண்டாம் என்று தோன்றினால் தயங்காமல் சொல்லலாம்.

வருகிற ஞாயிறு பின்னேரம் நான்கு மணி, புது நேரம், உங்களுக்குக் காலை பதினொரு மணி, கீழே உள்ள எண்ணுக்கு எடுங்கள். காத்திருப்பேன்."

நேரம் சொல்லும்போது புது நேரம் என்று எழுதாவிட்டால் அந்தக் காலத்தில் வில்லங்கம். அரசாங்கம் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியிருந்தது. ஓமந்தைக்கு அப்பால், இயக்கம் இருந்த பக்கத்தில், பழைய நேரத்திலேயே இருந்தார்கள். அக்கா அதைக்கூட மறக்கவில்லை. எவ்வளவு கவனமான கடிதம்! நான் வாசித்தபோதும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் தொலைபேசி அடித்தது. எடுத்தால் ஓர் ஆண்பிள்ளை விக்கி விக்கி அழுகிறான்.

"அண்ணை, நான் பிரதாபன். உண்மையைச் சொல்லுங்கோ. அம்மாவுக்கு என்ன?"

"எந்த அம்மா?" என்றேன். எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

"மறைக்காதேங்கோ அண்ணை. நான் தாங்குவன். எப்ப நடந்தது?"

"தம்பி, எனக்கு ஒண்டும் தெரியாது."

"எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுவினம்!" என்று அவன் கத்த, லைன் அறுந்தது.

நான் றிசீவரை வைத்தேன். பத்து நிமிசம் போகவில்லை, பரிஸிலிருந்து ஒரு பெண். தான் சுப்பம்மாவின் பெறாமகளாம், கூடப்பிறந்தவளின் பிள்ளை. செத்தவீடு பூவரசங்குளத்திலா, வவுனியாவிலா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அடுத்தது ரொறொன்ரோ. அவர் ஒன்றும் கேட்கவில்லை, நேரே ஒப்பாரி. மூன்றாவது ஆளுக்குத் தெரியாது என்று சொல்லும்போது என் குரலே எனக்குப் பொய்யாகக் கேட்டது. ஒருவேளை கிழவி உண்மையாகவே போய்விட்டாவோ? இத்தனை பேர் சொல்கிறார்களே?

அப்போதுதான் சின்னராசா அண்ணை சைக்கிளைக் கடை வாசலில் போட்டுவிட்டு ஓடிவந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது.

"ராசு, என்ர அக்கா போயிட்டாவாம். உனக்கு ஆர் சொன்னது?"

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. உங்களுக்கு ஆர் சொன்னது?"

"எனக்குப் பரிஸிலயிருந்து பக்கத்து வீட்டுக்கு எடுத்துச் சொன்னவை. நீதான் சொன்னனியெண்டல்லோ அவையள் சொல்லினம்!"

பூவரசங்குளத்தில் அந்த வீட்டுப் பக்கம் தொலைபேசி இல்லை. கடைசி பஸ் போய்விட்டது. மன்னார் றோட்டில் பொழுதுபட்டால் ஆமிக்காரர் சென்றி தாண்ட விடமாட்டார்கள். காலையில் முதல் பஸ்ஸில் போய்ப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, அந்த மனுசன் கதிரையில் இருந்து தலையைக் கையில் பிடித்தார். தன் அக்கா உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் இருக்கிற ஒருவருக்கு ஆறுதலும் சொல்ல முடியாது, அவர் முன்னால் சிரிக்கவும் முடியாது.

அந்த நேரம் பார்த்து விமலேஸ்வரி அக்கா தாள் வாங்க வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் பதறிப்போனார்.

"ஐயோ பாவம். எப்பவாம் மோசம் போனவா?"

"அது ஒருத்தருக்கும் தெரியாதக்கா. நீங்கள்தான் சொன்னதாம்."

"நானோ?"

மேசையில் கிடந்த கடிதத்தை எடுத்து இன்னொருதரம் வாசித்தேன். இந்தத் தடவை இலண்டனில் இருக்கிற ஒருவனின் கண்ணால் வாசித்தேன்.

எங்கள் ஆட்கள் சாவை நேரே சொல்வதில்லை. நானே இந்தக் கடையிலிருந்து எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். முதலில் வேலையிலோ நிற்கிறாய் என்று கேட்பேன். பிறகு கதிரையில் இரு, பக்கத்தில் யாரும் நிற்கினமோ, மனுசியைக் கூப்பிடு. பிறகு வேறு ஏதும் சாட்டுக்கு ஒரு கதை, காணிக்கதை, கடிதக்கதை. அம்மாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை. அதற்குள் மற்றப் பக்கத்தில் அழுகை தொடங்கிவிடும். நான் சொல்லவேண்டியது ஒன்றும் மிச்சம் இருக்காது.

"அக்கா, ஆறுதலா இரு, மனுசியைப் பக்கத்தில வைச்சிரு, அம்மாவின்ர உடல்நிலை, இனி ஆர் இருக்கிறது, காணி... இதை வாசிச்சா என்னெண்டு நினைப்பினம்?"

"வீட்டுப்படம் எண்டு மேல எழுதியிருக்கிறன்தானே!"

"அது சும்மா சாட்டெண்டு நினைச்சிட்டாங்கள்."

அக்கா கடிதத்தை வாங்கி வாசித்தார். வாசித்து முடித்து, மூன்றாவது கதிரையில் இருந்துவிட்டார். அவருக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. "ஒரு பிள்ளையை இப்பிடி அழவைச்சுப்போட்டனே," என்று சொல்லி, உடனேயே, "அதுக்கு எழுதினதை எழுதினபடி வாசிக்கிறதுக்கு என்ன?" என்று வெடித்தார். இரண்டும் நியாயம்தான். எனக்கு எந்தப் பக்கம் நிற்பதென்று தெரியவில்லை.

நான் இலண்டனுக்கு எடுத்தேன். எங்களிடம் இருந்தது பக்ஸ் எண் மட்டும்தான், அது பிரதாபனின் வீட்டுக்குக் கீழே இருந்த தமிழ்க்கடையின் எண். கடைக்காரரே எடுத்தார். பக்ஸ் வந்ததும் முதலில் வாசித்தவர் அவர்தானாம். "வாசிச்ச உடனேயே விளங்கிட்டுது. நான்தான் தம்பியைப் பிடிச்சு இருத்தி, சோடா குடுத்துக் கடிதத்தைக் குடுத்தனான்," என்றார் பெருமையாக. பிறகு பிரதாபனைக் கூப்பிட்டார். அம்மாவுக்கு ஒன்றும் இல்லை, அது வீட்டுப்படக் கதைதான் என்று நான் சத்தியம் பண்ணினேன்.

"அப்ப அம்மாவை லைனுக்கு விடுங்கோ," என்றான்.

விட முடியாது என்றால் செத்தவீடு நிச்சயம். நாளைக்குக் கடிதத்தில் சொன்ன நேரத்துக்கு எடு, அம்மா இங்கே இருப்பா என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு, நான் எந்தத் துணிவில் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஞாயிறு மத்தியானம் தாண்டிப் பஸ் வந்தது. சின்னராசா அண்ணை முதலில் இறங்கினார். முகத்தில் ஒன்றும் விளங்கவில்லை. அவருக்குப் பின்னால், சீலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, வலது முழங்காலை மெல்ல மெல்ல இறக்கி, சுப்பம்மா இறங்கினார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முன்பின் தெரியாத கிழவி. அவர் உயிரோடு இருப்பதைப் பார்த்து நான் அப்படிச் சந்தோசப்பட்டேன்.

"மிளகாய் காயப்போட்டபடி கிடக்கு," என்றார் கடைக்குள் வந்ததும். "இவன் விடிய வந்து படலையில நிண்டு குழறுறான். பிறகு என்னைக் கண்டிட்டு இன்னும் குழறுறான். ஆர் மோனை அந்தக் கடிதம் எழுதினது?"

விமலேஸ்வரி அக்கா எழும்பி நின்றார். கையில் கொப்பி, பென்சில். "நான்தான் அம்மா. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

சுப்பம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீ இரு பிள்ளை. நிண்டா எனக்கும் நிக்கோணும்போல கிடக்கு."

சொன்ன நேரத்துக்குத் தொலைபேசி அடித்தது. றிசீவரைச் சுப்பம்மாவிடம் கொடுத்தேன்.

"டேய் பிரதாபன், நான்தான்ரா. சாகேல்லை."

அந்தப் பக்கத்தில் அழுகை வெடித்தது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. சுப்பம்மா கொஞ்சநேரம் ஏசினார். பிறகு அவரும் அழுதார். பிறகு மருமகள் இரஞ்சிதம் கதைத்து அழுதார். பிறகு திரும்ப மகன். சாப்பிட்டியோ, மெலிஞ்சிட்டியோ, இருமல் நின்றுவிட்டதோ. அரை மணித்தியாலத்தில் பெரும்பங்கு இப்படியே கரைந்தது. அக்கா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார், பிறகு கொப்பியை மூடி மடியில் வைத்தார். திங்கட்கிழமை ராஜரத்தினத்துக்கு ஓம் என்று சொல்லப்போகிறவரின் முகம் அது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. காற்றாடியைப் பார்த்தேன்.

அப்போது சுப்பம்மா, "அதென்ன வீட்டுக்கதை? ஆருக்கடா மேல்வீடு?" என்றார்.

மகன் ஏதோ சொன்னான்.

"எனக்கோ? இந்த முழங்காலோட நான் மேல ஏறி என்ன, காகம் கலைக்கவோ? என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே. இந்தா, படம் கீறுற பிள்ளை இருக்குது. அதோட கதை."

றிசீவர் அக்காவின் கைக்கு வந்தது. அவர் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். பிரதாபன் நடுவில் மறித்து, "பரவாயில்லை அக்கா, நீங்கள் கேக்க இருந்ததைக் கேளுங்கோ," என்றிருக்கவேண்டும். அக்கா கொப்பியைத் திறந்தார்.

"முதல் கேள்வி, தம்பி. இந்த வீட்டில நெடுக ஆர் இருக்கப்போகினம்?"

லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து நான் எழும்பினேன். அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அவன் மெதுவாகக் கதைத்தான். அந்த வார்த்தைகளை அக்கா பிறகு எனக்குச் சொன்னார்.

"நேற்றுமுழுக்க அம்மா இல்லையெண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தனான் அக்கா. அப்ப அந்த வீட்டையும் நினைச்சுப் பாத்தன். எல்லா அறையையும் நினைச்சுப் பாத்தன். உள்ளுக்க ஒருத்தரும் இல்லை."

அக்கா மற்றக் கேள்விகளை அவனிடம் கேட்கவில்லை. சுப்பம்மாவின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நீங்கள் எங்க இருக்க விருப்பம்?"

"என்ர வளவிலதான். வேற எங்க?"

"படுக்கையால எழும்பேக்க எந்தக் காலை முதல் ஊண்டுவியள்?"

சுப்பம்மாவுக்கு வாழ்நாளில் யாரும் கேட்காத கேள்வி. யோசித்தார். கதிரையில் இருந்தபடியே இடதுகாலை ஊன்றிப் பார்த்தார். "இடது," என்றார். "எழும்பேக்க பிடிக்க ஒண்டும் இல்லை. சுவரைத்தான் பிடிக்கிறனான். கக்கூசு பின்வளவில. மழைக்கு அந்தப் பக்கம் போகேலாது. அதுதான் மோனை எனக்குள்ள கரைச்சல். வேற ஒண்டும் வேண்டாம்."

அக்கா எழுதினார். எழுதி, அதை அப்படியே தொலைபேசியில் பிரதாபனுக்கு வாசித்துக் காட்டினார். அவன் மேல்வீட்டை வேண்டாம் என்றான். பூவரசங்குளத்து வீட்டோடு சேர்த்து ஒரு அறை, உள்ளே கக்கூசு, படி இல்லாத வாசல். அதற்கு என்ன படம் வேண்டும், பிரதேச சபைக்கு எது கொடுக்கவேண்டும், எப்போது அனுப்புவேன், கூலி என்ன என்பதையும் அக்கா ஒழுங்காகச் சொல்லி முடித்தார். மிச்ச நேரத்துக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. பெரிய வேலை சின்ன வேலையாகச் சுருங்கிப்போனதில் எனக்குத்தான் ஆத்திரம். அக்காவின் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை ராஜரத்தினத்தின் ஆள் வந்தபோது அக்கா மூன்றாவது கதிரையில் இருந்து சுப்பம்மாவின் வாசலைக் கீறிக்கொண்டிருந்தார். வரவில்லை என்று சொல்லச்சொன்னார். தலையை நிமிர்த்தவும் இல்லை.

அதற்குப் பிறகு பிரதாபன் சொல்லிச் சொல்லி வேறு ஆட்கள் எழுதினார்கள். எல்லாம் சின்னச் சின்ன வேலைகள். அக்காவின் பதில் கிட்டத்தட்ட அதே பதில்தான்: அரை மணித்தியாலம், கதைக்கவேண்டியவை, மனைவியும் பக்கத்தில் இருப்பது நல்லது. ஆனால் முதல் வரி மாறியிருந்தது. "இங்கே உங்கள் வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்கிறார்கள், இது வீட்டுப்படத்தைப் பற்றிய கதை மட்டும்."

அந்த வரியை அவர் சும்மா எழுதுவதில்லை. பதிலை அனுப்புமுன் சைக்கிளில் போய், அந்த ஆட்களுடைய தாய் தகப்பனைக் கண்ணால் கண்டுவிட்டு வருவார். ஒருநாள் செட்டிகுளம் பக்கம் ஒருவருடைய தாயைப் பார்க்க அப்படிப் போனவர் பொழுதுபடத்தான் திரும்பி வந்தார். மேசையில் எழுதிவைத்திருந்த பதிலை எடுத்து நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். நான் பக்ஸ் மெசினைப் போட எழும்பினேன்.

"இதை அனுப்பேலாது ராசு," என்றார். "நீ லைனைப் போட்டுக் கதை. முதலில அவரைக் கதிரையில இருக்கச் சொல்லு."